பச்சை கறுப்பாகத் தெரிந்த சமையலறை: ஈசூன் வீடு ஒன்றின் 3டி படங்கள்

வீடு சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கிறது. மறுவிற்பனையில் வாங்கிய வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, நான்கறை வீடு. சமையலறை 3.4 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம். கோடியில் சர்வீஸ் யார்டு, அதற்கும் அப்பால்தான் ஜன்னல். பகல் வெளிச்சம்கூட துணி காயும் கம்புகளைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா என்று ஐந்து பேர். தினமும் மூன்று வேளையும் அடுப்பு எரிகிற வீடு.

வீட்டுக்கார அக்கா என்னைப் பார்க்க வரும்போதே அவரிடம் ஒரு 3டி படம் இருந்தது. முதலில் அணுகிய வடிவமைப்பு நிறுவனம் போட்டுக் கொடுத்தது. கீழ்க் கேபினட்டுகள் அடர் பச்சை மேட் லேமினேட். மேல் கேபினட்டுகள் பளபளக்கும் வெள்ளை அக்ரிலிக். மேடையில் சாம்பல் நரம்பு ஓடும் வெள்ளை குவார்ட்ஸ். மேல் கேபினட்டின் அடியிலிருந்து தேன் நிறத்தில் எல்இடி வெளிச்சம். படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. பச்சை பச்சையாகவே தெரிந்தது, கல்லில் ஒரு கறை இல்லை, மூலைகளில்கூட இருட்டு இல்லை.

அக்கா கேட்டது ஒரே கேள்விதான். “தம்பி, இதுல இருக்கிற மாதிரியே வருமா? வரும்னா இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

என் வேலையே சமையலறைகளுக்கு 3டி படம் போடுவதுதான். அதனால் அந்தப் படத்தில் முதலில் வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். மேடைக்கடியில் உள்ள கதவுகளில் சீரான வெளிச்சம் விழுந்திருந்தது. ஆனால் அந்த வெளிச்சம் வருவதற்கு அறையில் விளக்கே இல்லை. கூரையில் ஒரே ஒரு விளக்கு. எல்இடி பட்டை இருப்பது மேல் கேபினட்டுக்கு அடியில், அதன் ஒளி மேடையில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். மேடைக்கல் கதவைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் கீழ்க் கதவுக்கு அந்த ஒளி நேராக இறங்கவே வழியில்லை. அப்படியானால் கதவுக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

படம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. கேமராவுக்குப் பின்னால் பெரிய செவ்வக விளக்கு ஒன்றை வைத்து, அது படத்தில் தெரியாதபடி மறைத்துவிடலாம். வி-ரே, பிளெண்டர் என்று எந்த மென்பொருளிலும் அதற்கு ஒரு சின்ன பெட்டியை டிக் செய்தால் போதும். விளம்பரப் படத்துக்கு அதில் தப்பே இல்லை. ஆனால் எந்தப் பச்சையை வாங்குவது என்று தீர்மானிக்கப் போகிற படத்தில் அதைச் செய்தால், வீட்டில் என்றைக்குமே எரியாத ஒரு விளக்கின் கீழே நின்று லேமினேட்டைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும்.

ஆகவே அதே வடிவமைப்பை, அதே அளவுகளை, அதே பொருள்களை வைத்துக்கொண்டு, வீட்டில் உண்மையில் எரியப்போகும் விளக்குகளை மட்டும் வைத்துப் புதிதாகப் படம் போடுவது என்று பேசிக்கொண்டோம்.

பொருள்களை அளந்து கணினிக்குள் ஏற்றியது

படம் உண்மையாக வர வேண்டுமென்றால் இரண்டு எண்கள் சரியாக இருக்க வேண்டும். ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பது ஒன்று. அந்த ஒளியைக் கண்ணாடிபோல் ஒரே திசையில் தருகிறதா, சிதறடித்துத் தருகிறதா என்பது இன்னொன்று.

முதல் எண்ணைச் சில லேமினேட் நிறுவனங்கள் அட்டவணையிலேயே தருகின்றன. தராதவற்றுக்கு நான் செய்வது இது. மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் 18 விழுக்காடு சாம்பல் அட்டையை வைத்து, நிழல் படாத ஜன்னலோரத்தில் இரண்டையும் சேர்த்துப் படம் எடுப்பேன். சாம்பல் அட்டை எவ்வளவு பதிவாகிறது என்று பார்த்தால் மாதிரித் துண்டின் அளவு கணக்கில் வந்துவிடும். அந்த அடர் பச்சை லேமினேட் ஏறக்குறைய 8 விழுக்காடு வந்தது. வெள்ளை குவார்ட்ஸ் 75 பக்கம். சுவருக்கு 80 வைத்தேன். முந்தைய படத்தில் சுவரைத் தூய வெள்ளையாக, அதாவது விழுகிற ஒளியில் நூற்றுக்கு நூறையும் திருப்பித் தருவதாக வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட சுவர் உலகில் எங்கும் இல்லை. அதை வைத்துவிட்டால் ஒளி சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும், மூலை இருட்டு மறைந்துவிடும்.

விளக்குகளையும் உண்மையான அலகிலேயே வைத்தேன். கூரை விளக்குக்கு அதன் பெட்டியில் போட்டிருந்த லூமன் அளவு, அதாவது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி. எல்இடி பட்டை மீட்டருக்கு 900 லூமன் என்று விற்கப்படுவது. பால்வெள்ளை மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு மூடியிலேயே போய்விடும் என்று எடுத்துக்கொண்டு, மீட்டருக்கு 600 லூமன் வெளியே வருவதாக வைத்தேன். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே போட்டால் படம் ஒளிர்ந்து ஏமாற்றும்.

நின்று பார்க்கும் படத்துக்குக் கேமராவை அக்காவின் கண் உயரத்தில், 1.5 மீட்டரில் வைத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணிலிருந்து ஒரு படம், சிங்க் முன்னால் நிற்பவர் கண்ணிலிருந்து ஒரு படம். சுவரை நீக்கிவிட்டு அறைக்கு வெளியே போய் அகல லென்ஸில் எடுக்கும் படம் 2.1 மீட்டர் அகல அறையை மண்டபமாகக் காட்டும். அந்த இடத்தில் யாரும் நிற்க முடியாது.

பச்சை எங்கே போனது

இரவுப் படம் முதலில் வந்தது. அக்கா பார்த்துவிட்டு, “கறுப்பு லேமினேட் போட்டுட்டீங்களா?” என்றார். போட்டிருந்தது அதே பச்சைதான்.

காரணத்தை எண்ணில் சொன்னால் எளிது. ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். மேடைமேல் எல்இடி பட்டையிலிருந்து சுமார் 480 லக்ஸ் விழுகிறது. கல் வெள்ளை, முக்கால்வாசியைத் திருப்பித் தருகிறது. கீழ்க் கதவின்மேல் கூரை விளக்கிலிருந்து வருவது 70 லக்ஸ்தான். அதிலும் பச்சை திருப்பித் தருவது 8 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மேடை கதவைவிட 60 மடங்குக்கு மேல் வெளிச்சமாகத் தெரியும். அவ்வளவு வெளிச்சமான ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது கண் அதற்குத்தான் ஒத்துப்போகும். பச்சை இருக்கும், ஆனால் பச்சையாகத் தெரியாது. மேல் விளக்கை அழகாக்க ஆக்கக் கீழ்க் கதவு இன்னும் இருட்டாகத் தெரியும் என்பதுதான் இதில் வருத்தமான விஷயம்.

இதற்கு இரண்டு வழி. நிறத்தை வெளிறச் செய்வது, கதவுக்கு வெளிச்சம் கொடுப்பது. இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் படமாகப் போட்டேன். அதே பச்சைக் குடும்பத்தில் சாம்பல் கலந்த வெளிர் பச்சை ஒன்று 28 விழுக்காடு வந்தது. அதை மட்டும் மாற்றியபோது வித்தியாசம் 60 மடங்கிலிருந்து 20 மடங்குக்குக் குறைந்தது. அப்புறம் அறை நடுவில் இருந்த ஒற்றைக் கூரை விளக்குக்குப் பதிலாகக் கேபினட் வரிசைக்கு முன்னால் இரண்டு விளக்குகள் வைத்தபோது கதவில் 130 லக்ஸ் வந்தது, வித்தியாசம் 10 மடங்கானது. அந்தப் படத்தில்தான் கதவு இரவிலும் பச்சையாகத் தெரிந்தது.

அக்காவுக்கு அடர் பச்சையை விட மனமில்லை. அது நியாயம்தான், அவர் ஆசைப்பட்ட நிறம் அது. பகல் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் அடர் பச்சை நன்றாகவே இருந்தது. ஆனால் இருவரும் வேலைக்குப் போகிற வீடு, சமையலறையில் அக்கா நிற்பது காலை ஆறரைக்கும் இரவு ஏழுக்கும். சிங்கப்பூரில் காலை ஆறரைக்கு இன்னும் விடிந்திருக்காது. அவருடைய சமையலறை விளக்கொளிச் சமையலறை. இதைச் சொன்னதும் அவரே வெளிர் பச்சைத் துண்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்.

மேல் கேபினட்டின் பளபளப்பு சீக்கிரமே முடிவானது. பளபளப்புப் பரப்புக்கு எதிரில் இருப்பதுதான் அதன் தோற்றம். முந்தைய படத்தில் ஜன்னலுக்கு வெளியே நீலவானம் ஒட்டியிருந்தார்கள், கதவில் வானம் தெரிந்தது. நான் சர்வீஸ் யார்டில் துணிக்கம்புகளையும் காயும் துணிகளையும் ஜன்னல் கம்பியையும் எதிர் புளோக்கின் நடைவழி விளக்குகளையும் வைத்தேன். சாப்பாட்டு மேசையிலிருந்து கேபினட் வரிசையைச் சாய்வாகப் பார்க்கும்போது அத்தனையும் கதவில் நீண்டு தெரிந்தது. சாய்வாகப் பார்க்கப் பார்க்க எந்தப் பரப்புமே அதிகமாகப் பிரதிபலிக்கும், குறுகலான சமையலறையில் எல்லாப் பார்வையும் சாய்வுப் பார்வைதான். மேல் கதவும் மேட் ஆனது.

கல்லும் அதில் விழும் பட்டையும்

கல்லில்தான் அதிக நேரம் போனது, ஏனென்றால் வீட்டில் இரண்டு கருத்து. அக்காவுக்கு வெள்ளை குவார்ட்ஸ். மாமியாருக்குக் கறுப்பு கிரானைட். “மஞ்சள் பட்டா போகுமாப்பா இதுல? நாங்க எத்தனை வருஷமா கறுப்புக் கல்லுலதான் புழங்கறோம். சூடான சட்டிய அப்படியே வைக்கலாம்,” என்றார் அந்த அம்மா. அவர் சொன்ன இரண்டுமே சரி. குவார்ட்ஸ் பலகையில் கல் தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின், அது நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு வரை இருக்கும். தாளித்த கரண்டியை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு மேலே வைத்தால் பிசின் நிறம் மாறிவிடும். கிரானைட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி என்று கறுப்பு கிரானைட்டிலும் படம் போட்டேன். சிங்க் முன்னால் நிற்பவர் கண்ணிலிருந்து போட்ட படத்தில், மேடை நடுவே வெள்ளைக் கோடு ஒன்று ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடியது. எல்இடி பட்டையின் பிம்பம் அது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வீடு முடிந்தபின் மக்கள் வருத்தப்படும் விஷயங்களில் இது முக்கியமானது. மெருகேற்றிய கல் எதுவானாலும், மேலிருந்து பார்க்கும்போது தன்மேல் படும் ஒளியில் 4 விழுக்காடு அளவைக் கண்ணாடிபோல் திருப்பும். கறுப்பு, வெள்ளை என்ற பேதம் இதில் கிடையாது. மூடி போட்ட எல்இடி பட்டை மேடையைவிட மிக மிகப் பிரகாசமானது, ஆகவே அதன் 4 விழுக்காடே கண்ணில் அறையும். வெள்ளைக் கல்லில் அந்தப் பிம்பம் சுற்றியுள்ள கல்லைவிட 4 மடங்கு பிரகாசமாகத் தெரியும் என்று கணக்கு வந்தது. கறுப்பு கிரானைட்டில் கல் தானாகத் திருப்பும் ஒளி மிகக் குறைவு என்பதால் அதே பிம்பம் 60 மடங்கு. மூடியில்லாத சாதாரணப் பட்டையாக இருந்தால் கோடாகக்கூட இல்லாமல், ஒவ்வொரு எல்இடியும் தனிப்புள்ளியாகக் கல்லில் தெரியும்.

பிம்பம் எங்கே விழும் என்பது பட்டையை எங்கே ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த வீட்டில் மேடை தரையிலிருந்து 85 செ.மீ., அதற்கு 60 செ.மீ. மேலே கேபினட்டின் அடி. மேடை ஆழம் 60 செ.மீ., மேல் கேபினட்டின் ஆழம் 35. தச்சர்கள் பலர் பட்டையைச் சுவரோரமாக ஒட்டிவிடுவார்கள், ஒயர் அங்கேதான் வருகிறது, வேலை சுலபம். அப்படி ஒட்டினால், மேடை விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும் அக்காவுக்குப் பிம்பம் சுவரிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்தில், அதாவது வெங்காயம் நறுக்கும் பலகை இருக்கும் இடத்திலேயே விழும். கேபினட்டின் முன்விளிம்பில் ஒட்டினால் பிம்பம் மேடையின் முன்னோரத்துக்கு வந்துவிடும், கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றால் மேடையைவிட்டே போய்விடும்.

வெளிச்சத்தையும் இதே இடம்தான் தீர்மானிக்கிறது. பலகை வைக்கும் இடம் சுவரிலிருந்து 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்விளிம்புப் பட்டையிலிருந்து அங்கே 470 லக்ஸ் கிடைக்கிறது. சுவரோரப் பட்டையிலிருந்து 270தான். மேடையின் முன்னோரத்தில் இடைவெளி இன்னும் பெரியது, 360க்கு எதிரே 180. சமையல் வேலைக்கு 500 லக்ஸ் பக்கம் இருந்தால் கண்ணுக்கு நல்லது. பட்டை ஒன்று, மின்சாரம் ஒன்று, ஒட்டும் இடத்தை 30 செ.மீ. முன்னால் கொண்டுவந்ததற்கே வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது.

சுவரோரத்தில் ஒட்டினால் பின்சுவர் ஓடுகள் அழகாக ஒளிரும் என்பது உண்மை. முந்தைய படத்தில் பட்டை சுவரோரம்தான் இருந்தது, படம் அவ்வளவு அழகாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் படம் போட்டவர் பிம்பத்தைக் கல்லில் வரவிடவில்லை, பட்டையைப் பிரதிபலிப்பில் தெரியாமல் மறைத்திருந்தார். மெருகேற்றிய கல்லும் எரிகிற பட்டையும் படத்தில் இருந்து, கல்லில் அந்தக் கோடு மட்டும் இல்லையென்றால், அந்தப் படத்தை வாங்கியவர் கேள்வி கேட்க வேண்டும்.

கறுப்பு கிரானைட்டில் கோட்டைப் பார்த்தபின் மாமியாருக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் மஞ்சள் கவலை அப்படியே இருந்தது. கறை பிடிக்குமா என்பதை எந்த 3டி படமும் காட்டாது. அதனால் கல் கடையிலிருந்து மூன்று மாதிரித் துண்டுகள் வாங்கிவரச் சொன்னேன். மெருகேற்றிய வெள்ளை குவார்ட்ஸ், மேட் வெள்ளை குவார்ட்ஸ், வெளிர் சாம்பலில் மேட் சின்டர்டு ஸ்டோன். மஞ்சள்தூளை நல்லெண்ணெயிலும் புளித்தண்ணீரிலும் குழைத்து, மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி ஊற்றி, இரவு முழுக்க விட்டு, காலையில் பாத்திரச் சோப்பால் மட்டும் துடைக்கச் சொன்னேன்.

மெருகேற்றிய குவார்ட்ஸில் உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்கு மஞ்சள் நின்றது. மேட் குவார்ட்ஸில் ஊற்றிய இடம் வட்டமாகத் தெளிவாகத் தெரிந்தது. சின்டர்டு ஸ்டோனில் எதுவும் இல்லை. அது களிமண்ணையும் கனிமத் தூளையும் அழுத்தி, மிக உயர்ந்த சூட்டில் சுட்டது, பிசினே கிடையாது, நுண்துளையும் கிட்டத்தட்ட இல்லை. சூடான சட்டியையும் தாங்கும். மாமியார் அந்தத் துண்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கல் முடிவானது அந்தக் காலையில்தான்.

மேட் சின்டர்டு ஸ்டோனைக் கணினியில் ஏற்றியபோது பிம்பக் கோடு மங்கிப் பரந்த ஒளிப்பட்டையாகிவிட்டது. கண்ணை உறுத்தவில்லை. வெளிர் சாம்பல் நிறம் வெள்ளையைவிடக் கொஞ்சம் குறைவாக ஒளியைத் திருப்புவதால் கீழ்க் கதவுக்கும் மேடைக்கும் இருந்த வித்தியாசமும் இன்னும் சற்றுக் குறைந்தது.

சின்டர்டு ஸ்டோனுக்கும் குறை உண்டு, அதையும் படத்தில் காட்ட வேண்டியிருந்தது. நாம் பார்த்த பலகை 12 மி.மீ. தடிமன், நரம்பு மேற்பரப்பில் மட்டும்தான். வெட்டிய விளிம்பில் நரம்பு தொடராது. கணினியில் சும்மா விட்டால் நரம்பு விளிம்பில் தானாக வளைந்து இறங்கிவிடும், பார்ப்பவர் அதை நம்பிவிடுவார். விளிம்பைத் தடிமனாகக் காட்ட வேண்டுமென்றால் 45 பாகையில் வெட்டி இன்னொரு பட்டையை ஒட்டுவார்கள், அங்கே மெல்லிய கோடு ஒன்று தெரியும், அடிபட்டால் அந்த முனை பெயரும். அக்கா ஒட்டு வேண்டாம் என்று 12 மி.மீ. விளிம்பையே வைத்துக்கொண்டார்.

மேடை எல் வடிவம், நீண்ட கை 2.7 மீட்டர், குறுகிய கை 1.8. மூலையில் இணைப்பு வந்தே தீரும். சுங்கை காடுட் பக்கம் இருக்கும் கல் கிடங்குக்குப் போய், அக்கா தேர்ந்தெடுத்த அதே பலகையை நேராக நின்று படம் எடுத்து வந்தேன். அந்தப் படத்தின்மேல் இரண்டு கைகளையும் சிங்க், அடுப்புத் துளைகளையும் வரைந்து, எங்கே வெட்டினால் எந்த நரம்பு எங்கே வரும் என்று பார்த்தோம். முதல் அமைப்பில் ஒரு தடித்த நரம்பு நேராக சிங்க் துளைக்குள் போய் வீணானது, மூலை இணைப்பில் இரண்டு நரம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. துண்டுகளைப் பலகைமேல் இடம் மாற்றி வைத்ததில் நரம்பு சிங்குக்கும் மூலைக்கும் நடுவில் விழுந்தது. கல் வெட்டுபவருக்குக் கொடுத்ததும் இந்தப் படத்தைத்தான். 2.7 மீட்டர்த் துண்டு மின்தூக்கிக்குள் போகுமா என்பதையும் அவர் வெட்டுவதற்கு முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். போகாவிட்டால் படிக்கட்டில் தூக்க வேண்டும் அல்லது இன்னொரு இணைப்பு வரும், இன்னொரு இணைப்பு என்றால் படம் வேறு.

வெளிச்சத்தின் நிறம்

பட்டை முன்விளிம்பு என்று முடிவானபின் நிறம்தான் பாக்கி. 3000 கெல்வின் என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம், 4000 என்றால் கிட்டத்தட்ட வெள்ளை, 6500 என்றால் நீலம் கலந்தது.

இந்த இடத்தில் 3டி படத்தை நம்பாதீர்கள் என்று நானே சொன்னேன். இரண்டு காரணம். ஒன்று, படத்தில் கேமராவின் வெள்ளைச் சமநிலையை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப ஒரே 3000 கெல்வின் பட்டை ஆரஞ்சாகவும் தெரியும், வெள்ளையாகவும் தெரியும். வீட்டில் இருக்கும்போது கண் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், படத்தில் பழகாது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பெரும்பாலான 3டி மென்பொருள்கள் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே எண்ணாகக் கணக்கிடுகின்றன. உண்மையான எல்இடி ஒளியில் எந்தெந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் இல்லை. ஓர் ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண் சிஆர்ஐ. சிஆர்ஐ 80 பட்டைக்கும் 95 பட்டைக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் வராது. நிஜத்தில் அது தெளிவாகத் தெரியும், தக்காளியும் மிளகாய்த்தூளும் பச்சை இறைச்சியும் 80இல் செங்கல் நிறமாக மங்கித் தெரியும். அதேபோல் இரண்டு பச்சை லேமினேட்டுகள் பகலில் ஒன்றுபோல இருந்து, பட்டை ஒளியில் ஒன்று சாம்பலாகவும் மற்றது பச்சையாகவும் பிரியும். படத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே 3000, 4000 இரண்டிலும் சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள பட்டையை அரை மீட்டர் வெட்டி வாங்கி, அலுமினியச் சட்டத்தில் போட்டு, வீட்டுக்கே எடுத்துப் போனேன். இரவில் கூரை விளக்கையும் எரியவிட்டு, பச்சை லேமினேட் துண்டையும் கல் துண்டையும் பட்டைக்கு 60 செ.மீ. கீழே வைத்து, பக்கத்தில் ஒரு தக்காளி, கொஞ்சம் கறிவேப்பிலை. 4000இல் பச்சை சுத்தமாக இருந்தது, ஆனால் வெளிர் சாம்பல் கல் மருத்துவமனை மேசை மாதிரி குளிர்ந்து போனது. 3000இல் கல் இதமாக இருந்தது, பச்சை ஒரு துளி பழுப்புப் பக்கம் சாய்ந்தது. அக்கா 3000 என்றார், கணவர் 4000 என்றார். கடைசியில் 3500இல் நல்ல பட்டை ஒன்று கிடைத்து இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த இரவில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் கண் உயரம் கேபினட்டின் அடியைவிடத் தாழ்வு, ஆகவே முன்விளிம்பில் உள்ள பட்டை நேராகக் கண்ணில் படும். மேல் கேபினட் கதவை அடிப்பலகைக்குக் கீழே 2 செ.மீ. இறக்கிச் செய்யச் சொன்னால் போதும், பட்டை கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். கதவைப் பிடித்துத் திறக்கவும் அதுவே விரலிடம், கைப்பிடி தேவையில்லை.

தச்சரிடம் போன தாள்

3டி படத்தை மட்டும் தச்சரிடம் கொடுத்தால் அவர் பட்டையைச் சுவரோரம்தான் ஒட்டுவார், படத்தில் பட்டையே தெரியாதே. ஆகவே மேல் கேபினட்டின் குறுக்குவெட்டு ஒன்றைத் தனியாக வரைந்து கொடுத்தேன். சுவரிலிருந்து பட்டையின் நடுப்பகுதி 33 செ.மீ., சட்டம் அடிப்பலகைக்குள் பதிந்து உட்கார வேண்டிய பள்ளம், கதவின் 2 செ.மீ. இறக்கம், 24 வோல்ட் பட்டைக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சிங்குக்கு மேலுள்ள கேபினட்டுக்குள், கழற்றி மாற்றக்கூடிய இடத்தில். டிரைவரை மேல்பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டால், அது பழுதாகும் நாளில் கேபினட்டையே பெயர்க்க வேண்டியிருக்கும். சுவருக்குள் போகும் ஒயரைப் பின்சுவர் ஓடு ஒட்டுவதற்கு முன்பே இழுக்க வேண்டும் என்பதால், பட்டை பற்றிய முடிவு எல்லாவற்றுக்கும் முன்னால் எடுக்க வேண்டியதாகிறது. பொதுவாக அதைத்தான் கடைசிக்கு விடுகிறார்கள். மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரும் உடைப்பு வேலைகளை வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளரும் செய்தார்கள்.

வேலை முடிந்தபின் லக்ஸ் மீட்டரோடு போய் அளந்தேன். பலகை வைக்கும் இடத்தில், கூரை விளக்கை அணைத்துவிட்டுப் பட்டையை மட்டும் எரியவிட்டு, 440 லக்ஸ். கணக்கில் 470. பால்வெள்ளை மூடி நான் எடுத்துக்கொண்டதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒளியை விழுங்குகிறது. கீழ்க் கதவு இரவில் பச்சையாகவே தெரிகிறது. மூலை இணைப்பில் நரம்பு எதுவும் இல்லை.

படத்துக்கும் வீட்டுக்கும் பொருந்தாத இடம் அடுப்புப் பக்கம்தான். அங்கே மேல் கேபினட் இல்லை, புகைபோக்கி இருக்கிறது, அதற்குச் சொந்தமாக விளக்கு. கடைக்காரர் அதன் நிறத்தைக் கேட்டுச் சொல்ல முடியாததால் படத்தில் 4000 என்று வைத்து, இது உறுதியில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். வந்தது 6500 பக்கம் உள்ள நீல வெள்ளை. மூலையில் இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் சாம்பல் கல் ஒரு பக்கம் இதமாகவும் மறு பக்கம் நீலமாகவும் தெரிகிறது. அந்தப் புகைபோக்கியின் விளக்கு கழற்றி மாற்றும் வகை, அதே அளவில் 3500இல் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை மாமியார் அந்த விளக்கைப் போடாமலே சமைக்கிறார்.